தவுக்கேவுக்கு 80 வயது விருந்து, ஐசியில் 78: வாழ்த்தில் எதை எழுதுவது?

பாலன்_பினாங்கு
எல்லாருக்கும் வணக்கம். என் அப்பா நெடுங்காலம் வேலை பார்த்த மளிகைக்கடையின் சீன முதலாளியான தவுக்கேவுக்கு வரும் ஜனவரி 17, 2025 அன்று 80ஆம் பிறந்தநாள் விருந்து. தவுக்கே தமிழ் நன்றாகப் பேசுவார். அதனால் ஒரு தமிழ் வாழ்த்து எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டிருக்கிறார். கூடவே சீனத்தில் உள்ள ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லி, அதையும் தமிழில் போடச் சொல்கிறார்.

சிக்கல் இதுதான். தவுக்கேயின் ஐசி என்னும் அடையாள அட்டையின் எண் 460120 என்று தொடங்குகிறது. அதாவது 20 ஜனவரி 1946. விருந்தன்று அவருக்கு 78 முடிந்து, 79 ஆக இன்னும் மூன்று நாள் இருக்கும். 80 எங்கிருந்து வருகிறது? மகனிடம் கேட்டால் “சைனீஸ் கணக்கு லா” என்று சிரிக்கிறார். ஒரு வயது கூடுதலாகச் சொல்வார்கள் என்று தெரியும். இரண்டு எப்படி?

சுங்கைப்பட்டாணி_சேகர்
இதில் என்ன அதிசயம்? நம்மவர்களும் “78 முடிஞ்சி 79 நடக்குது” என்று சொல்வதில்லையா? அதே நடப்பு வயதுதான். கருவில் இருந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மகன் ஒரு வயது தப்பாக எண்ணியிருப்பார். இன்னொன்று, சீனர்கள் ஆண்டுகளுக்கு வைக்கும் விலங்குப் பெயர்களில் 1946 நாய் ஆண்டு. வாழ்த்தில் நாய்ப் படம் போடாமல் இருந்தால் நல்லது, ஹாஹா.

பாலன்_பினாங்கு
சேகர் அண்ணே, தவுக்கே தன்னைச் சேவல் என்றுதான் சொல்லிக்கொள்வார். அழைப்பிதழிலும் சேவல்தான் இருக்கிறது.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
சேவல் என்று சொன்னீர்களே, அதிலேயே உங்கள் விடை இருக்கிறது. மகன் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்.

சீனக் குடும்பக் கணக்கில் குழந்தை பிறந்ததும் ஒரு வயது. அடுத்த வயது பிறந்தநாளில் ஏறாது, சீனப் புத்தாண்டில் ஏறும். ஊரில் இருக்கும் எல்லாருக்கும் அன்றைக்கே ஒரு வயது கூடிவிடும். 1946இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 2. தவுக்கே பிறந்தது ஜனவரி 20, அதாவது பழைய ஆண்டின் கடைசி மாதமான பன்னிரண்டாம் மாதத்தின் 18ஆம் நாள். அந்தப் பழைய ஆண்டு 1945இல் தொடங்கிய சேவல் ஆண்டு. பிறந்தபோது ஒன்று. பதின்மூன்று நாள் கழித்துப் புத்தாண்டு வந்ததும் இரண்டு! முகம் பார்த்துச் சிரிக்கக்கூடத் தெரியாத பிள்ளைக்கு இரண்டு வயது.

அந்த இடைவெளி அப்படியே கூட வருகிறது. விருந்தன்று நடப்பது 2024 பிப்ரவரி 10இல் தொடங்கிய டிராகன் ஆண்டு. 2024இல் 1945ஐக் கழித்து ஒன்று கூட்டுங்கள், 80. ஜனவரி 29 அன்று பாம்பு ஆண்டு பிறந்தால் அவருக்கு 81. ஆக 80க்கு விருந்து வைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் வைத்தாக வேண்டும்.

விருந்து நாளையும் பாருங்கள். இந்த டிராகன் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 18ஆம் நாள் சரியாக ஜனவரி 17இல் வருகிறது. அவருடைய சீனப் பிறந்தநாளிலேயே வைக்கிறார்கள். ஐசி தேதியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சேகர் அண்ணன் சொன்ன நடப்பு வயது பாதி சரி. இரண்டிலும் முடியாத ஆண்டையும் சேர்த்து எண்ணுகிறோம். ஆனால் நம் நடப்பு வயது அவரவர் பிறந்தநாளில்தான் மாறும். அதன்படி விருந்தன்று தவுக்கேவுக்கு 79. புத்தாண்டில் வயது ஏறுவதால்தான் 80 வருகிறது. பிறந்தநாள் வந்துபோன பிறகு சீனக் கணக்கு நிறைந்த வயதைவிட ஒன்று கூடுதல். புத்தாண்டுக்கும் பிறந்தநாளுக்கும் நடுவில் இரண்டு கூடுதல். பன்னிரண்டாம் மாதக் கடைசியில் பிறந்தவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதியும் இரண்டாகத்தான் இருக்கும்.

சுங்கைப்பட்டாணி_சேகர்
சரி, புரிகிறது. ஆனால் நான் பார்த்த இணைய அட்டவணை எல்லாவற்றிலும் 1946 நாய் என்றுதான் போட்டிருக்கிறது.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
அந்த அட்டவணைகள் ஆங்கில ஆண்டை மட்டும் பார்த்துப் போட்டவை. ஜனவரியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ பிறந்தவர் என்றால் அந்த ஆண்டின் புத்தாண்டுத் தேதியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விலங்கைச் சொல்ல வேண்டும். அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வரும்.

ஜாதகம் பார்க்கும் சீனர்கள் இன்னொரு கோடு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும் வசந்தத் தொடக்க நாளில்தான் விலங்கு மாறும். 1946 பிப்ரவரி 3இல் பிறந்தவரை வீட்டில் நாய் என்பார்கள், ஜோசியர் சேவல் என்பார். உங்கள் தவுக்கே இரண்டு கோட்டுக்கும் முன்னால் பிறந்தவர். எப்படிப் பார்த்தாலும் சேவல்.

kdrama_கவி
ஆனா இந்தக் கணக்கையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்களே? 2023 ஜூனில் செய்தி வந்தது. எல்லாருக்கும் ஒரு வயசு குறைஞ்சிடுச்சுன்னு ஒரே கொண்டாட்டம்.

மரவள்ளி
தங்கச்சி, அது தென்கொரியா.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
ஆமாம் கவி, அது கொரியா. அவர்களுடைய பழக்கத்தில் எல்லாருக்கும் ஜனவரி 1இல் வயது ஏறும். சீனர்களுக்குச் சந்திரப் புத்தாண்டில். அதனால் கொரியக் கணக்கை வைத்துச் சீன வயதைப் போட்டால், தவுக்கே மாதிரி ஆட்களுக்கு ஒரு வயது தவறும். அவருக்குக் கொரியக் கணக்கில் 2025 ஜனவரியில் 80 வருகிறது, அது வெறும் ஒத்துப்போதல். 2024 டிசம்பரில் பார்த்திருந்தால் 79 என்று வந்திருக்கும், சீனக் கணக்கிலோ அப்போதே 80.

சீனாவில் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அங்கே சட்டமும் அலுவலகமும் நிறைந்த வயதைத்தான் பார்க்கின்றன. குற்றவியல் வழக்கில் ஒருவருக்கு இத்தனை வயது நிறைந்ததா என்று பார்க்கும்போது, பிறந்தநாளுக்கு மறுநாளிலிருந்துதான் நிறைந்ததாக எடுத்துக்கொள்வார்கள், அதுவும் ஆங்கில நாட்காட்டிப்படி. கூட்டி எண்ணும் வயது வீட்டில், விருந்தில், ஜோசியரிடம், கல்லறையில். இளையவர்கள் பலர் அதைச் சொல்வதே இல்லை. பாட்டி தாத்தாவிடம் கேட்டால்தான் வரும்.

ஓய்வு_குமாஸ்தா
எத்தனை விளக்கம் சொன்னாலும் உண்மை உண்மைதான். அவருக்கு 78. பதிவேட்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேதி இருக்கும்போது ஊகத்துக்கு இடமில்லை. வாழ்த்தில் 78 என்று போட்டு, கீழே “சீன முறைப்படி 80” என்று சிறிய எழுத்தில் போடுங்கள்.

மரவள்ளி
ஐயா, விருந்து மேடையில் போய் “உங்களுக்கு இன்னும் எண்பது ஆகவில்லை” என்று சிறிய எழுத்தில் சொல்லச் சொல்கிறீர்களே. சாப்பாடு கிடைக்குமா?

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
ஓய்வு ஐயா சொல்வது பதிவேட்டுக்குச் சரி. நான் சான்றிதழ், உயில், மருத்துவக் குறிப்பு எல்லாம் மொழிபெயர்க்கிறவள். அங்கே சீனத்தில் “80” என்று மட்டும் இருந்து பிறந்த தேதி இல்லாவிட்டால், நான் 79 என்றோ 78 என்றோ மாற்றவே மாட்டேன். இரண்டில் எது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 80 என்றே போட்டு, மூலத்தில் சீனக் கணக்காக இருக்கலாம் என்று குறிப்பு எழுதி, பிறந்த தேதியைக் கேட்பேன்.

வாழ்த்து வேறு. அங்கே 80 என்பது அவர் எட்டிய படியின் பெயர். 80 என்றே எழுதுங்கள் பாலன். ஆனால் “80 ஆண்டுகள் நிறைவு செய்த” என்று எழுதாதீர்கள், அது எந்தக் கணக்கிலும் பொய். “எண்பதாம் அகவை விருந்து காணும்” என்றால் போதும். பக்கத்திலேயே பிறந்த தேதியைப் போட வேண்டாம். போட்டால் வருகிறவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் கழித்தல் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

பாலன்_பினாங்கு
நன்றி அக்கா. அப்படியென்றால் வாழ்க்கைக் குறிப்பில் இருப்பதும் இதே கணக்குதானா? மூன்று இடத்தில் வயது வருகிறது. “1958இல் 14 வயதில் தந்தையை இழந்தார்.” “1967இல் 23 வயதில் திருமணம்.” “1970இல் 24 வயதில் சொந்தக் கடை தொடங்கினார்.” கடைசி இரண்டையும் பாருங்கள். மூன்று வருடத்தில் ஒரே வயதுதான் கூடுகிறது. எழுதியவர் தூக்கத்தில் எழுதினாரா?

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
இதை வாசிக்கத்தான் எனக்குப் பிடிக்கும். ஆண்டும் வயதும் சேர்ந்து இருந்தால் எந்தக் கணக்கு என்று பிடித்துவிடலாம்.

1958இல் 14ஐக் கழித்து ஒன்று கூட்டினால் 1945, சேவல். 1967இல் 23ஐக் கழித்து ஒன்று கூட்டினாலும் 1945. இரண்டும் சீனக் கணக்கு, குடும்பத்தார் நினைவிலிருந்து சொன்னவை. தந்தையை இழந்தபோது அவருக்கு நிறைந்த வயது 12தான், தகப்பன் சாவு ஜனவரியின் முதல் மூன்று வாரத்தில் இல்லாமல் இருந்தால். திருமணத்தின்போது அதே மாதிரி 21.

மூன்றாவது வேறு. 1970இல் 24ஐக் கழித்தால் நேராக 1946, ஐசி ஆண்டு. இது நிறைந்த வயது. சீனக் கணக்கில் அப்போது 26 ஆகியிருக்கும். கடை உரிமம் மாதிரி ஏதோ ஒரு தாளைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் என்ன செய்யலாம்? நானாக இருந்தால் மூன்றிலும் ஆண்டை வைத்துக்கொண்டு வயதை எடுத்துவிடுவேன். அல்லது முதல் வரியிலேயே “இக்குறிப்பில் வரும் வயதுகள் சீன மரபுப்படி எண்ணப்பட்டவை” என்று போட்டுவிட்டு, மூன்றாவதை 26 ஆக்கலாமா என்று குடும்பத்தாரிடம் கேட்பேன். கேட்காமல் நீங்களாக மாற்ற வேண்டாம்.

ஓய்வு_குமாஸ்தா
12 வயதுப் பையனை 14 என்று எழுதினால் கதையே மாறிவிடுகிறது. 12 என்றால் பள்ளிப் பையன். 14 என்றால் அந்தக் காலத்தில் வேலைக்குப் போகிறவன். இதைப் பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
அதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. வயது கதையைச் சுமக்கிற இடத்தில் மாற்றாமல் விட்டால் வாசகர் வேறு ஒரு பிள்ளையைப் பார்க்கிறார். கடைசிச் சீனப் பேரரசர் பூயீ பிறந்தது 7 பிப்ரவரி 1906, அரியணை ஏறியது 2 டிசம்பர் 1908. சீனத்தில் அவர் மூன்று வயதில் ஏறினார் என்பார்கள். மேல்நாட்டு நூல்களில் இரண்டு வயது. அவருக்கு அப்போது ஏறக்குறைய இரண்டு வருடமும் பத்து மாதமும். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்து வந்தால் படிக்கிறவர் தலையைச் சொறிவார்.

லிசா_மதுரை
நான் ஒரு சீன நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் இருக்கிறேன். எனக்கு இதோடு சம்பந்தப்பட்ட ஒன்று. எங்கள் மேலாளருக்குக் கடவுச்சீட்டில் 15 ஆகஸ்ட் 1965. போன வருடம் அன்றைக்குக் கேக் வெட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், ஆனால் தன் பிறந்தநாள் அன்றில்லை என்று பிறகு சொன்னார். வரும் வருடம் பாம்பு ஆண்டு, அவரும் பாம்பு. “இது உங்கள் ஆண்டு, அதிர்ஷ்டம் கொட்டும்” என்று புத்தாண்டுக்கு அட்டை அடிக்கப் போகிறோம். சிவப்பு எழுத்து, பாம்புப் படம். சரிதானே?

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
லிசா, அட்டை அச்சுக்குப் போகாமல் இருந்தால் நிறுத்துங்கள்!

சொந்த விலங்கு ஆண்டு சீனர்களுக்குக் கண்டத்துக்குரிய ஆண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டில், அந்த ஆண்டுக்குரிய தெய்வமான தாய்சுய்யின் பார்வையில் நேராகப் போய் நிற்கிறோம் என்று நம்புகிறார்கள். அதனால்தான் சிவப்பு உள்ளாடை, சிவப்பு இடுப்புக் கயிறு, கையில் சிவப்பு நூல். அதையும் பெரியவர்களோ நெருங்கியவர்களோ வாங்கித் தர வேண்டும் என்பார்கள். “உங்கள் ஆண்டு, அதிர்ஷ்டம்” என்பது நம்மவரிடம் போய் “ஏழரைச் சனி தொடங்கியாச்சு, வாழ்த்துகள்” என்பது மாதிரி. எல்லாரும் நம்புவதில்லை, உங்கள் மேலாளர் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனாலும் “இந்த ஆண்டு எல்லாம் நலமாக, அமைதியாக அமையட்டும்” என்று எழுதினால் இரண்டு வகை ஆளுக்கும் பொருந்தும். சிவப்பு நிறம் இருக்கட்டும், அது நல்லதுதான்.

தேதி விஷயம். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்தநாளைச் சந்திர மாதத்தில் சொல்லி, அதை அப்படியே ஆங்கிலத் தேதி மாதிரி எழுதிக்கொண்டுவிட்டார்கள். எட்டாம் மாதம் 15 என்றால் நிலாத் திருவிழா நாள். அவர் அன்று பிறந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது ஆங்கிலத் தேதியில் ஒவ்வொரு வருடமும் நகரும், பெரும்பாலும் செப்டம்பரில் வரும். நேரே கேளுங்கள், “நிலாத் திருவிழா அன்றா சார்?” என்று.

லிசா_மதுரை
கேட்டுவிட்டேன். நிலாத் திருவிழாவேதான்! எப்படிக் கண்டுபிடித்தோம் என்று அவருக்கு ஆச்சரியம். அட்டையையும் மாற்றிவிட்டோம். அப்போது 2025இல் அவருக்கு 60 என்று பெரிதாகச் செய்யலாமா?

சுங்கைப்பட்டாணி_சேகர்
நம்ம அறுபதாம் கல்யாணம் மாதிரிதானே? 1965 விசுவாவசு. 2025 சித்திரையில் மறுபடி விசுவாவசு. அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு என்று படித்திருக்கிறேன்.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
இந்த முறை சேகர் அண்ணன் முழுச் சரி. பன்னிரண்டு விலங்கோடு பத்து குறிகளைச் சேர்த்து அறுபது ஆண்டுச் சுற்று வைத்திருக்கிறார்கள். 1965இல் இருந்த அதே பாம்பு, அதே குறியோடு, 2025இல் திரும்புகிறது. சுற்று முடிவது நிறைந்த வயது 60க்கு, நம்மைப் போலவே. ஆனால் சீனக் கணக்கில் அது 61. அறுபது விருந்தைச் சீன வயதில் வைக்கும் வீடுகளில் அது 2024இலேயே முடிந்திருக்கும். சுற்று முடிவதற்கு முன்னாலேயே விருந்து. அலுவலகத்தில் செய்வதானால் 60 என்று போடலாம், ஆங்கிலக் கணக்கில் அது சரியே. வீட்டில் ஏற்கெனவே வைத்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரவள்ளி
எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி 59க்கே அறுபது விருந்து வைத்தார். கேட்டால் ஒன்பதில்தான் வைக்கணும், பத்தில் வைக்கக் கூடாது என்றார். இதுவும் இருக்கிறதா?

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
இருக்கிறது. சில ஊர்க்காரர்கள் ஆணுக்கு ஒன்பதில், பெண்ணுக்குப் பத்தில் என்பார்கள். சிலர் எல்லாருக்கும் ஒன்பது என்பார்கள். அதனால் அட்டையில் இருக்கும் 80 உண்மையில் 79ஆகவும் இருக்கலாம். பாலனுடைய தவுக்கே வீட்டில் அந்தப் பழக்கம் இருந்திருந்தால் விருந்து 2024 ஜனவரி 28 வாக்கிலேயே நடந்திருக்கும். நடக்கவில்லை, ஆகவே இது நேரான 80.

ஒன்று மட்டும் பொதுவாக எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன். விருந்தை முன்னால் தள்ளலாம், பின்னால் தள்ள மாட்டார்கள். பிந்திய வாழ்த்து பெரியவர்களுக்கு நல்லதில்லை என்பார்கள்.

கோப்பி_ஓ
எங்கள் அம்மாச்சி (அம்மாவின் சீனத் தோழி, அப்படித்தான் கூப்பிடுவோம்) தனக்கு 73 என்று சொல்லவே மாட்டார். 72இலிருந்து ஒரே தாவு, 74. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
73, 84 இரண்டும் கண்ட வயதுகள். கன்பூசியஸ் 73இல், மென்சியஸ் 84இல் இறந்தார்கள், அந்த மகான்களாலேயே தாண்ட முடியாததை நாம் எப்படித் தாண்டுவது என்று ஒரு பேச்சு. கன்பூசியஸின் ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால் நிறைந்த வயது 72 வாக்கில்தான் வரும். அந்தப் பேச்சில் வரும் 73ஏ கூட்டி எண்ணிய வயது. அந்த இரண்டு வயதிலும் அட்டையில் எண்ணைப் போடாமல் “நீடூழி வாழ்க” என்று மட்டும் எழுதுவது நல்லது.

ஈப்போ_அந்தோணி
பிறந்தநாள் இழையில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும். சீனப் பத்திரிகை மரண அறிவிப்புகளில் வயது இன்னும் கூடுதலாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் 1940 நவம்பரில் பிறந்து 2022 டிசம்பரில் இறந்தார். 82. அறிவிப்பில் 86! சீனக் கணக்கிலும் 83தானே வர வேண்டும்?

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
83, அதோடு மூன்று. மலேசியா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் இது மிகச் சாதாரணம். வானத்துக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று மூன்று வயது கூட்டுவார்கள். இன்னொரு விளக்கம், நாட்காட்டியைச் சரிக்கட்ட சில வருடங்களில் கூடுதலாக வரும் மிகை மாதங்களை வாழ்நாள் முழுக்கத் திரட்டிச் சேர்ப்பது. சந்திர நாட்காட்டியில் 19 வருடத்துக்கு 7 மிகை மாதம். 80 வருடத்துக்கு ஏறக்குறைய 29 மாதம், இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அதை மூன்றாக்கிக்கொண்டார்கள் என்பார்கள்.

ஓய்வு_குமாஸ்தா
இரண்டாவது விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. 40 வயதில் இறந்தவருக்கு அதன்படி ஒன்றுதானே வர வேண்டும்?

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
நியாயமான கேள்வி ஐயா. வீட்டுக்கு வீடு வேறு மாதிரி செய்கிறார்கள். இறப்புச் சான்றிதழ் இருந்தால் மொழிபெயர்ப்பில் அதன் வயதுதான் வரும். கல்லறையைப் பார்த்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட முயன்றால் மூன்று, நான்கு, ஐந்து வருடம்கூடத் தவறும். கல்லில் பிறந்த ஆண்டு செதுக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாலன்_பினாங்கு
மகனிடம் பேசினேன். அந்த 24 வயது உண்மையிலேயே பழைய கடைப் பத்திரத்திலிருந்து எடுத்ததாம். 26 ஆக்கச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, அப்பாவிடம் கேட்டார். தவுக்கேயோ, “24 என்றே போடு, சின்ன வயசிலேயே கடை வெச்சேன்னு தெரியட்டும்” என்றாராம். ஆகக் குறிப்பில் இரண்டு கணக்கும் இருக்கப் போகிறது. வாழ்த்தில் “எண்பதாம் அகவை விருந்து” போட்டாகிவிட்டது.

ஓய்வு_குமாஸ்தா
என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

kdrama_கவி
ஒரு சந்தேகம் அக்கா. மிகை மாதம் என்றீர்களே, அந்த மாதத்திலேயே பிறந்தவர்கள் என்ன செய்வார்கள்? என் தோழி 1987 ஆகஸ்ட் முதல் வாரம்.

தேன்மொழி_உட்லண்ட்ஸ்
1987இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது, உங்கள் தோழி இரண்டாவதில் பிறந்திருக்கிறார். மற்ற வருடங்களில் சாதாரண ஆறாம் மாதத்தில் கொண்டாடுவார்கள். 2025இல் ஜூலை 25இலிருந்து மறுபடி அந்த மிகை ஆறாம் மாதம் வருகிறது, இதற்கு முன் 2017இல் வந்தது. இரண்டு முறை கொண்டாடுவாரா, ஒரு முறையா என்று அவரிடமே கேளுங்கள். வயது என்னவோ ஜனவரி 29 அன்றே ஏறிவிடும்.